தாடை தொங்கிய நாய்: சிங்கப்பூர் கிளினிக் ஒன்றில் எழுந்த வெறிநோய்ச் சந்தேகம்

நான் வேலை செய்யும் கால்நடை கிளினிக்கில் நடந்தது இது. குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயைப் பற்றியும் நாங்கள் செய்ததைப் பற்றியும் எதையும் மாற்றவில்லை. நான் செய்த தவறும் இதில் இருக்கிறது.

பின்னணி

சிங்கப்பூரில் 1953க்குப் பிறகு நாய்களிடம் வெறிநோய் இல்லை. இங்கே படித்து இங்கேயே வேலை பார்க்கும் பல கால்நடை மருத்துவர்கள் வெறிநோய் வந்த நாயை நேரில் பார்த்ததே கிடையாது. வீட்டு நாய்களுக்கு அந்தத் தடுப்பூசியை வழக்கமாகப் போடுவதும் இல்லை. நோய் உள்ளே வராதவரை இதெல்லாம் நல்ல விஷயம்தான். வந்துவிட்டால், எதிர்ப்பு சக்தி இல்லாத நாய்களும் அதை அடையாளம் தெரியாத மனிதர்களும்தான் இங்கே இருப்பார்கள்.

பக்கத்து நிலைமை வேறு. மலேசியாவில் 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநோய் தலைதூக்கியது. 2017இல் சரவாக்கில் தொடங்கியது பல உயிர்களைக் கொண்டுபோனது. பாலத்தைத் தாண்டினால் மலேசியா. அங்கிருந்து சாலை வழியாக ஒரே நாளில் கெடா வரை போய்விடலாம்.

நான் தமிழ்நாட்டில் படித்தவன். நாமக்கல் பக்கம் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். அங்கே வெறிநோய் வந்த நாய்களை நிறையவே பார்த்திருக்கிறேன். அப்படியிருந்தும் அன்று முதல் சில நிமிடங்களில் சறுக்கினேன்.

சனிக்கிழமை மாலை

ஆறரை மணி இருக்கும், கிளினிக்கை மூடப்போகிற நேரம். முப்பது வயதுள்ள ஒருவர், கூடவே அவருடைய பாட்டி, ஒரு பழுப்பு நிறக் கலப்பின நாய். வயது இரண்டு இருக்கலாம். "தொண்டையில எலும்பு மாட்டியிருக்கு டாக்டர். வாயை மூடவே முடியல" என்றார் அவர்.

நாய் அமைதியாக நின்றது. கீழ்த்தாடை தளர்ந்து தொங்கியது. நாக்கின் நுனி வெளியே கிடந்து உலர்ந்து கருத்திருந்தது. எச்சில் நூலாக இறங்கி முன்னங்கால்களை நனைத்திருந்தது. கண்ணில் மிரட்சி இல்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வாலை ஆட்டியது.

நான் மெல்லிய கையுறையைப் போட்டேன், டார்ச்சை எடுத்தேன், வாய்க்குள் கையை விட்டேன். எலும்பு எதுவும் இல்லை. தாடையை மேலே தள்ளினால் எந்த எதிர்ப்பும் இல்லாமல் மூடியது, விட்டால் பொத்தென்று விழுந்தது. மூட்டு விலகியிருந்தால் அது இப்படி எளிதாக மூடாது. வலி இருந்தால் நாய் தலையை இழுத்துக்கொள்ளும். இது தாடைத் தசைகளே செயலிழந்த நிலை. அப்போதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கையை எடுத்துவிட்டு உதவியாளரையும் தள்ளி நிற்கச் சொன்னேன்.

தாடை தொங்கி எச்சில் வடிவது, ஆவேசம் இல்லாமல் வாதமாக வரும் வெறிநோயான ஊமை வெறியின் முக்கியமான அடையாளம். தொண்டையில் எலும்பு சிக்கியதாக நினைத்து வாயில் கைவிடுவதும், அந்த நோயால் மனிதர்கள் மாட்டிக்கொள்ளும் பழைய வழி. பாடம் எடுக்கும்போது மாணவர்களிடம் நானே இதைச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி

சிப் படிக்கும் கருவியை நாயின் கழுத்து, தோள், முதுகு முழுவதும் ஓட்டினேன். சத்தமே வரவில்லை. சிங்கப்பூரில் நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம். இரண்டு வயது நாய்க்கு இரண்டும் இல்லையென்றால் அது எங்கிருந்து வந்தது என்பதுதான் அடுத்த கேள்வி.

"நண்பர் ஒருத்தர் கொடுத்தார்" என்றார் அவர். எந்த நண்பர், எப்போது என்று கேட்டால் பதில் மாறிக்கொண்டே போனது. அவருடைய பயம் எனக்குப் புரிந்தது. அனுமதி இல்லாமல் விலங்கைக் கொண்டுவந்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. குடியிருப்பது வீவக எனும் அரசு அடுக்குமாடி வீடு, அங்கே அனுமதிக்கப்பட்ட சிறிய வகை நாய்களில் இது சேராது. அவர் சொல்லத் தயங்கினதில் ஆச்சரியம் இல்லை.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "இது எலும்பு இல்ல. வெறிநாய்க்கடி நோயா இருக்கலாம். இருந்தா நாயைக் காப்பாத்த முடியாது, ஆனா உங்க வீட்டுல இருக்கிறவங்களைக் காப்பாத்த முடியும். அதுக்கு இந்த நாய் எங்கே இருந்து வந்ததுன்னு எனக்குத் தெரியணும்" என்றேன். அவர் தரையைப் பார்த்தார். பாட்டிதான் வாயைத் திறந்தார்.

"கெடாவுல என் மூத்த பேரன் தோட்டத்துல வளர்த்த நாய் தம்பி இது. அவன் வீடு மாத்தினான். அஞ்சு வாரத்துக்கு முன்னால கார்ல கொண்டு வந்தாங்க."

அங்கேயே அந்த அண்ணனுக்குப் போன் போட்டோம். நாய் இங்கே வருவதற்கு ஒரு வாரம் முன்பு தெருநாய் ஒன்று முற்றத்துக்குள் புகுந்து இதோடு கட்டிப் புரண்டதாம். முன்னங்காலில் கடித்துவிட்டு ஓடிவிட்டதாம். அந்தத் தெருநாய் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. இடது முன்னங்காலில் முடி முளைக்காத தழும்பு ஒன்று இருந்தது. வெறிநோய்த் தடுப்பூசி போட்ட நினைவு அவருக்கு இல்லை.

கடிபட்டு ஆறு வாரம். நாய்களிடம் அறிகுறி தெரிய பெரும்பாலும் மூன்று முதல் எட்டு வாரம் ஆகும், சிலவற்றில் மாதக்கணக்கிலும் போகும். கணக்கு அச்சாகப் பொருந்தியது.

பாட்டி பார்த்தவை

வீட்டில் நாயோடு நாள் முழுவதும் இருந்தவர் பாட்டி. அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். வியாழக்கிழமை நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டது. வழக்கமாகக் கதவுச் சத்தம் கேட்டால் ஓடிவரும், அன்று வரவில்லை. வெள்ளிக்கிழமை சோற்றைக் கவ்வப் பார்த்தது, வாயிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தது. அன்று மாலையிலிருந்து எச்சில்.

இந்த முதல் இரண்டு மூன்று நாள்தான் வெறிநோயில் எளிதாகத் தவறவிடப்படும் கட்டம். நாய் கடிக்காது, ஓடாது. குணம் மட்டும் மாறும். ஒட்டி உறவாடும் நாய் ஒதுங்கும், ஒதுங்கியிருக்கும் நாய் திடீரென்று வந்து ஒட்டும். பழைய கடிவாயை நக்கிக்கொண்டே இருக்கலாம். குரைப்பு கரகரத்துப் போகலாம். இல்லாத ஈயைக் கவ்வுவதுபோல வெறுங்காற்றைக் கவ்வலாம். வீட்டிலிருப்பவர்கள் இதை வெயில், வயிற்றுக்கோளாறு, கோபம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அதற்குப் பிறகு நோய் எந்தப் பக்கம் திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மூர்க்க வெறி எல்லாருக்கும் தெரிந்தது. நாமக்கல்லில் நான் பார்த்த ஒரு நாய் தன் சங்கிலியைக் கடித்து முன்பற்களை உடைத்துக்கொண்டது, கல்லையும் மண்ணையும் விழுங்கியது, குரல் ஊளையாக மாறியிருந்தது. கட்டு அவிழ்ந்துபோன இந்த மாதிரி நாய்கள் ஊர் ஊராக ஓடி, எதிர்ப்பட்டதையெல்லாம் கடிக்கும். ஊமை வெறியில் இது எதுவும் இருக்காது. தாடையும் தொண்டையும் முதலில் செயலிழக்கும், அப்புறம் கால்கள், கடைசியில் மூச்சு. பார்த்தால் பரிதாபமாக இருக்கும், கிட்டே போய்த் தடவத் தோன்றும். இரண்டிலும் எச்சிலில் இருப்பது ஒரே வைரஸ். மூர்க்கமாகத் தொடங்கிய நாயும் கடைசியில் வாதத்தில்தான் விழும்.

தண்ணீரைக் கண்டால் பயப்படும் என்பதைப் பாட்டியும் கேட்டார். "இது தண்ணி குடிக்கத்தானே பார்க்குது, அப்போ அந்த நோய் இல்லதானே?" அந்தப் பயம் மனிதர்களிடம் தெரிவது. நாய் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் முகத்தை விடும், விழுங்கத்தான் முடியாமல் போகும். தண்ணீரைத் தேடுகிறது என்பதற்காக யாரும் நிம்மதி அடைய முடியாது.

அன்று இரவு எடுத்த முடிவுகள்

முதலில் மனிதர்கள். யார் யாரை எச்சில் தொட்டது என்று பட்டியல் போட்டோம். பேரன் அன்று காலை எலும்பைத் தேடி வாயில் விரலை விட்டிருக்கிறார், விரல் மூட்டில் பல் கீறி ரத்தம் வந்திருக்கிறது. பாட்டிக்குச் சர்க்கரை, குதிகாலில் பித்தவெடிப்பு. நாய் அந்தக் காலடியில்தான் படுத்து நக்கிக்கொண்டிருக்கும். உடைந்த தோலில் எச்சில் பட்டால் அதுவும் கடிக்குச் சமம்தான். எனக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கக் கையுறையைக் கழற்றினேன். கட்டைவிரல் பக்கம் சிறு கிழிசல். நகத்தோரம் தோல் பிய்ந்திருந்தது. உதவியாளர் உடம்பை மட்டும் பிடித்திருந்தார், தோலில் காயம் இல்லை.

மூவரும் குழாயடியில் நின்று சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினோம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினைந்து நிமிடம் ரொம்ப நீளம், இரண்டாவது நிமிடத்திலேயே கையை எடுக்கத் தோன்றும். இந்த வைரஸின் வெளியுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். மருத்துவமனைக்குக் கிளம்புவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. பிறகு மருத்துவமனையில் பேரனுக்கும் பாட்டிக்கும் தடுப்பூசியும், காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட்டார்கள். நான் கல்லூரிக் காலத்திலேயே முன்தடுப்பு ஊசி போட்டுக்கொண்டவன், அதனால் எனக்கு அன்றும் மூன்றாம் நாளும் ஓர் ஊசி போதும் என்றார்கள்.

அடுத்து நாய். கடைசி அறையிலிருந்த இரும்புக் கூண்டில் விட்டுப் பூட்டினோம். சாவி என்னிடம். கூண்டுக்குள் கை போகாமலேயே நிரப்பும்படி ஆழமான தண்ணீர்ப் பாத்திரத்தைக் கம்பிக்கு உட்புறம் மாட்டினோம். தரையை ஈரத்துணியாலும் பிளீச்சிங் கரைசலாலும் துடைத்தோம், தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கவில்லை. அடித்தால் எச்சில் தெறிக்கும்.

"வீட்டுக்கே கொண்டுபோய் ஒரு ரூம்ல பூட்டி வைக்கிறேனே டாக்டர், நாளைக்கு வர்றேன்" என்று பேரன் கெஞ்சினார். மறுத்தேன். நாய் ஓடிப்போகலாம், பயத்தில் யாராவது எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம், இரவில் இறந்தால் புதைத்துவிடலாம். மூன்றில் எது நடந்தாலும் கடிபட்டவர்களுக்குப் பதில் கிடைக்காது.

மூன்றாவது, தகவல். சிங்கப்பூரில் வெறிநோய்ச் சந்தேகம் எழுந்தாலே தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் உள்ள ஏவிஎஸ் என்ற கால்நடைச் சேவைப் பிரிவிடம் உடனே சொல்ல வேண்டும். உறுதியாகும்வரை காத்திருக்கக் கூடாது. காத்திருந்து உறுதிசெய்ய நம்மிடம் வழியும் இல்லை. "ரத்தம் எடுத்துப் பார்த்தா தெரியாதா?" என்று பேரன் கேட்டார். தெரியாது. இந்த வைரஸ் ரத்தத்தில் போகாது. கடிவாயிலிருந்து நரம்பு வழியாக ஊர்ந்து மூளைக்குப் போகும், அங்கே பெருகி மறுபடி நரம்பு வழியாக எச்சில் சுரப்பிக்கு இறங்கும். எச்சிலில் விட்டுவிட்டுத்தான் வரும், ஒருமுறை பார்த்து இல்லை என்றால் நம்ப முடியாது. உறுதியான சோதனைக்கு மூளைத்தண்டிலிருந்தும் சிறுமூளையிலிருந்தும் திசு வேண்டும். அதாவது நாய் இறந்திருக்க வேண்டும், தலையில் அடிபடாமலும் இருக்க வேண்டும்.

நாயை வெளியில் நடக்க வைத்த இடங்கள், விளையாடிய நாய்கள் பட்டியலையும் கொடுத்தோம். அறிகுறி தெரிவதற்குச் சில நாள் முன்பே எச்சிலில் வைரஸ் வந்துவிடும், ஆகவே இரண்டு வாரம் பின்னோக்கிக் கேட்டோம். கீழ்த்தளத்தில் தினமும் சந்திக்கும் ஒரு நாய் இருந்தது. அதன் வீட்டாரிடம் சொல்ல வேண்டாம் என்றார் பேரன். அவரை வைத்துக்கொண்டே அந்த வீட்டு எண்ணையும் எழுதினேன். அது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

தனிமையில் கவனிப்பு

அன்றிரவே அதிகாரிகள் வந்து பூட்டிய வண்டியில் நாயைத் தனிமை இடத்துக்குக் கொண்டுபோனார்கள். உடனே கருணைக்கொலை செய்து மூளையைச் சோதிக்க வேண்டும் என்பது என் கருத்து. கடிபட்ட வரலாறு, வந்த ஊர், தாடை, மூன்றும் ஒன்றாக இருந்தன. அவர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். தாடையைத் தவிர வேறு நரம்புக் குறை இல்லை, நாய் தெளிவாக இருக்கிறது, தப்பிக்க முடியாத இடம் இருக்கிறது, மனிதர்களுக்கு ஊசி தொடங்கியாகிவிட்டது. ஆகவே கவனிக்கலாம், இரண்டாவது அறிகுறி ஒன்று வந்தால் அன்றே முடித்துச் சோதிக்கலாம் என்று தீர்மானித்தார்கள். பின்னங்கால் தள்ளாட்டம், குரல் மாற்றம், விழுங்க முடியாமை, இவற்றில் எது வந்தாலும் போதும்.

முதல் துப்பு தண்ணீர்ப் பாத்திரத்தில் கிடைத்தது. உட்புறம் ஒரு டேப் ஒட்டி நீர்மட்டத்தைக் குறித்திருந்தார்கள். மறுநாள் காலை மட்டம் இறங்கியிருந்தது. கேமராவில் பார்த்தால் நாய் மூக்கு முழுகும்வரை முகத்தை விட்டு உறிஞ்சியிருக்கிறது, தொண்டை மேலும் கீழும் ஏறி இறங்கியது தெரிந்தது. அதாவது நாய் விழுங்குகிறது, தாடையை மூடத்தான் முடியவில்லை. ஊமை வெறியில் தாடையோடு தொண்டையும் போய்விடும், அதனால்தான் எச்சில் அப்படிக் கொட்டும். சந்தேகம் தளர்ந்தது, ஆனால் தீரவில்லை. தொண்டை மறுநாள் போகலாம்.

அப்புறம் காத்திருப்பு. வெறிநோய் அறிகுறி தொடங்கிய நாய் பத்து நாளைத் தாண்டுவதில்லை, பெரும்பாலும் அதற்கு முன்பே இறந்துவிடும். வியாழனிலிருந்து எண்ணினால் நான்காம் நாள் மாற்றம் இல்லை. ஏழாம் நாள் கூழாக்கிய உணவை நக்கியது. பத்தாம் நாள் நான்கு காலில் நின்று வாலாட்டியது. மூன்றாம் ஊசிவரை போட்டிருந்த பாட்டிக்கும் பேரனுக்கும் மேற்கொண்டு தேவையில்லை என்று மருத்துவர்கள் முடிவு செய்தார்கள். பதினாறாம் நாள் தாடை பாதிவரை மூடியது. நான்காவது வாரத்தில் நாய் பிஸ்கெட்டைக் கடித்து உடைத்தது.

இதற்குப் பெயர் முக்கிளை நரம்பு அழற்சி. தாடையை மூடும் தசைகளுக்குப் போகும் நரம்பு இரண்டு பக்கமும் செயலிழக்கும், காரணம் பெரும்பாலும் தெரியாது, சில வாரத்தில் தானாகவே சரியாகும். வெறிநோய் தாக்கும் அதே நரம்பு என்பதால் முதல் நாள் இரண்டும் ஒரே தோற்றம்தான். நாய் பிழைத்த பிறகுதான் இந்தப் பெயரைச் சொல்ல முடிந்தது. கட்டிலுக்கு அடியில் ஒதுங்கியது, வாய் மூட முடியாத தவிப்பில் இருக்கலாம். கால் தழும்பு வெறும் தழும்புதான்.

அனுமதியின்றிக் கொண்டுவந்தது தொடர்பான விசாரணை தனியாக நடந்தது. அது குடும்பத்துக்குச் சுலபமாக இருக்கவில்லை. பாட்டி ஒருநாள் கிளினிக்குக்கு வந்து, "நான் அன்னைக்குச் சொல்லியிருக்கக் கூடாதோ தம்பி?" என்று கேட்டார். சொன்னதால்தான் உங்கள் இருவருக்கும் அன்றிரவே ஊசி போட முடிந்தது என்றேன். அது வெறிநோயாக இருந்து, அவர் மறைத்திருந்தால், மனிதரிடம் அறிகுறி தெரிந்த பிறகு எந்த மருத்துவராலும் காப்பாற்றியிருக்க முடியாது.

நாங்கள் மாற்றியவை

நாயைத் தொடுவதற்கு முன்பே சிப் கருவியை ஓட்டுகிறோம். வரவேற்பில் கொடுக்கும் தாளில் முதல் கேள்வி, "கடந்த ஆறு மாதத்தில் இந்த நாய் எங்கெங்கே இருந்தது?" என்பது. முன்பு கடைசியில் இருந்த கேள்வி. அதைக் கேட்கும்போதே, பதில் உங்கள் பாதுகாப்புக்காக என்று உதவியாளர் சேர்த்துச் சொல்கிறார். பொய் சொல்லிவிட்டோமே என்று பயப்படுகிறவர்கள் அங்கேயே திருத்திக்கொள்கிறார்கள்.

தாடை தொங்கியோ எச்சில் வடிந்தோ வரும் நாய்க்குக் கையுறை இரண்டு அடுக்கு, கண்ணாடி, வாய்க்குள் பார்க்க நீண்ட கருவி. விரல் உள்ளே போகாது. நானும் விடுவதில்லை.

பாட்டியின் குதிகாலை அன்று நான் கேட்டது தற்செயல். அவர் செருப்பைக் கழற்றியபோது கண்ணில் பட்டது. இப்போது பட்டியல் போடும்போது "யாரை நக்கியது, எங்கே?" என்று தனி வரி வைத்திருக்கிறோம்.

உதவியாளர்கள் நால்வருக்கும் முன்தடுப்பு ஊசி போட ஏற்பாடு செய்தோம், முதல் நாள் ஒன்று, ஏழாம் நாள் ஒன்று. மூவர் போட்டுக்கொண்டார்கள். நான்காமவர் கர்ப்பமாக இருக்கிறார். தம் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார், அதுவரை கடைசி அறைக் கூண்டுப் பக்கம் அவர் போவதில்லை.